சாளையில் தனித்திருப்போர்

கொங்கு நாட்டுச் சிற்றூர்களின் அமைப்பு தனித்தன்மை உடையது. தெருவாக நெருங்கிய வீடுகள் ஒருபுறம் இருக்க, அவரவர் நிலத்தின் நடுவே, கிணற்றையும் மாட்டுக் கொட்டகையையும் ஒட்டி எழுந்த தோட்டத்துச் சாளைகளில் குடியானவர் பலர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவருகின்றனர். அந்தியூரைச் சுற்றியுள்ள கரும்புக் காடுகளுக்கும் வாழைத் தோட்டங்களுக்கும் வெற்றிலைக் கொடிக்கால்களுக்கும் இடையே இன்றும் அத்தகைய சாளைகளைக் காணலாம். ஒரு சாளையிலிருந்து கூப்பிட்டால் அடுத்த சாளைக்குக் கேட்காது. ஆறேழு பேர் புழங்கிய காலத்தில் அது ஒரு குறையாகத் தோன்றவில்லை. இன்று அவற்றுள் பலவற்றில் இருவர் மட்டுமே இருக்கின்றனர்; சிலவற்றில் ஒருவர்.

2024 நவம்பர் இறுதியில் பல்லடத்தை அடுத்த சேமலைக்கவுண்டம்பாளையத்தில், தோட்டத்து வீட்டிலிருந்த முதிய தம்பதியரும் அவர்தம் மகனும் ஒரே இரவில் கொலையுண்டனர். ஆறு திங்கள் கழிவதற்குள் ஈரோடு மாவட்டம் சிவகிரி அருகே மற்றொரு தோட்டத்து வீட்டில் முதிய தம்பதியர் கொல்லப்பட்டனர். அது வெளியே தெரிந்த நாள் 2025 மே 1. கொலை நடந்ததோ அதற்குச் சில நாள் முன்னர். இடைப்பட்ட நாள்களில் பிள்ளைகளின் தொலைபேசி அழைப்புகள் எடுக்கப்படாமலே ஒலித்து ஓய்ந்தன. குற்றத்தின் கொடுமையைப் பற்றி நாடே பேசியது. அதற்கு ஈடாகப் பேசியிருக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. இரு மனிதர் இல்லாமற் போனதைச் சில நாள் எவரும் அறியாதிருக்கக்கூடிய வாழ்முறை ஒன்று நம்மிடையே உருவாகிவிட்டது. கொலைகாரன் வராவிட்டாலும், குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த மூதாட்டிக்கு நேரக்கூடியது ஏறத்தாழ அதே தனிமைதான்.

2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் அறுபதைக் கடந்தோர் நூற்றுக்கு 10.4 பேர். நடுவண் அரசின் மதிப்பீட்டின்படி இது 2031இல் 18.2 ஆகும்; பெரிய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்த நிலை நம்முடையது. இந்த எண்களைக் கண்டு தொழில்முனைவோர் பலர் முதியோர் பராமரிப்பை அடுத்த பெருஞ்சந்தை என்று பேசத் தொடங்கிவிட்டனர். நடுவண் அரசும் 2021 சூனில் 'சேஜ்' என்னும் திட்டத்தைத் தொடங்கி, இத்துறையின் புதுத் தொழில்களுக்கு ஒரு கோடி ரூபாய் வரை பங்கு முதல் தர முன்வந்தது. அரசின் பங்கு 49 விழுக்காட்டைத் தாண்டாது என்பது அதன் விதி. முதலுக்கு வழி பிறந்துவிட்டது. அந்த முதல் எதன்மீது போடப்படுகிறது என்பதே நம் கேள்வி.

கோவையில் கிடைக்கும் விடை, கட்டடம். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தின் இதமான காற்றும் சிறந்த மருத்துவமனைகளின் அண்மையும் சேர்ந்து, இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே கோவையை நாட்டின் முதன்மையான ஓய்வுக் குடியிருப்பு நகரங்களுள் ஒன்றாக்கின. ஓய்வுபெற்ற படை அதிகாரி கர்னல் ஸ்ரீதரன் தொடங்கிய கோவை பிராபர்ட்டி சென்டர், 'நானா நானி' இல்லங்களைக் கட்டிய அனன்யா நிறுவனம் ஆகியவை இத்துறையின் முன்னோடிகள். பொதுச் சமையற்கூடம், அழைத்தவுடன் வரும் செவிலியர், படியில்லாத நடைபாதை என்று அவை காட்டிய வழி மதிக்கத்தக்கது. ஆயினும் அவை மாத ஓய்வூதியமும், விற்பதற்கு ஒரு நகர வீடும் உடையவர்க்கானவை. எழுபத்தைந்து வயதுக் குடியானவர் தம் கிணற்றையும் இரண்டு எருமைகளையும் விட்டு வடவள்ளிக்குப் போய் அடுக்ககத்தில் அமர மாட்டார். அமரச் சொல்வதும் முறையன்று.

அக்குடியிருப்புகளில் வீடு வாங்க எண்ணுவோர்க்கு ஒன்று சொல்லியாக வேண்டும். கட்டுநர் வீட்டை விற்று முடித்ததும் அவர் ஆதாயம் முடிந்துவிடுகிறது. முதியவரின் தேவையோ அதன் பிறகுதான் தொடங்குகிறது. சமையலும் செவிலியர் பணியும் வேறொரு நிறுவனத்தின் கைக்கு மாறும்போது, மாதக் கட்டணம் எவ்வளவு உயரலாம், பணி குறைந்தால் எவரைக் கேட்பது என்பவை காற்றில் விடப்படுகின்றன. இதை உணர்ந்தே நடுவண் வீட்டுவசதி அமைச்சகம் 2019இல் வெளியிட்ட மாதிரி நெறிமுறைகள், கட்டுநர், வாங்குபவர், பணி வழங்குபவர் ஆகிய மூவரும் ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்திடப் பரிந்துரைத்தன. நெறிமுறை சட்டமாகாது. ஆகவே மூன்றாவது கையெழுத்து இருக்கிறதா என்று வாங்குபவர் தாமே பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனிச் சாளைக்குத் திரும்புவோம். அங்கிருப்பவர்க்கு வேண்டியது நாள்தோறும் ஒரு மணி நேரம் வந்து போகும் பழகிய கை. குளிக்க வைத்து, மாத்திரைப் பெட்டியைச் சரிபார்த்து, சர்க்கரை அளவைக் குறித்து, காலில் புண் இருக்கிறதா என்று பார்த்து, இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போகும் துணையாள். இருபத்துநான்கு மணி நேரமும் தங்கும் ஆள் படுத்த படுக்கையானவர்க்கே தேவை. மற்றவர்க்கு அவர் வீண் செலவு. பல நேரம் எரிச்சலும்கூட. ஆயினும் முகவர்கள் முழுநேர ஆளையே அனுப்ப விரும்புகின்றனர். ஓர் ஆளை ஓரிடத்தில் அமர்த்திவிட்டு மாதந்தோறும் தரகு பெறுவது எளிது. ஆறு வீடுகளுக்கு ஓர் ஆளைச் சுற்றவைப்பது கடினம். நாம் வேண்டும் தொழில் அந்தக் கடினமான பக்கத்தில்தான் இருக்கிறது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் நம் மதிப்பீடே; அவரவர் ஊருக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். துணையாள் ஒருவருக்கு மாதச் சம்பளம் 18,000 ரூபாய். வண்டிக்கும் பேசிக்கும் 2,500. ஆறு துணையாளரை மேற்பார்க்கும் செவிலியரின் 30,000 ரூபாய்ச் சம்பளத்தில் ஒருவர் பங்கு 5,000. விடுப்பு எடுப்பவர்க்கு ஈடாக வைத்திருக்க வேண்டிய மாற்று ஆளுக்கு 3,000. பயிற்சி, காப்பீடு, அலுவலகம் என 3,500. ஆக 32,000. வீட்டில் ஒரு மணி நேரம், அடுத்த வீட்டுக்குப் போக இருபது நிமிடம் என்றால் எட்டு மணி நேரத்தில் ஆறு வீடு. மாதத்தில் 26 நாளுக்கு 156 வருகை. ஒரு வருகையின் அடக்கவிலை 205 ரூபாய். அந்த இருபது நிமிடம் ஒரு மணி நேரமாக நீண்டால் நான்கு வீடே பார்க்க முடியும். வருகை 104 ஆகக் குறைந்து, அடக்கவிலை 308 ரூபாய்க்கு ஏறிவிடும். இதன்மேல், ஐந்தில் ஒரு வருகை வீணாகும். பெரியவர் மகள் வீட்டுக்குப் போயிருப்பார், மருத்துவமனையில் இருப்பார், 'இன்னைக்கு வேண்டாம் சாமி' என்று அனுப்பிவிடுவார். அதைச் சேர்த்தால் முதற்கணக்கு 256 ரூபாய், இரண்டாவது 385.

ஒரே ஊதியம், ஒரே பணி. வீடுகளுக்கு இடையிலுள்ள தொலைவு மட்டுமே அடக்கவிலையை ஒன்றரை மடங்காக்கிவிடுகிறது. நகரத்தில் வெற்றி கண்ட நிறுவனம் கொங்குச் சிற்றூருக்கு வந்து கையைச் சுட்டுக்கொள்ளக்கூடிய இடம் இதுவே. விளம்பரம் பார்த்து அத்தாணியிலிருந்து ஒருவர், அம்மாபேட்டையிலிருந்து ஒருவர், மலைமேல் பர்கூரிலிருந்து ஒருவர் என அழைப்போர்க்கெல்லாம் சரி சொல்லும் நிறுவனம், வாடிக்கையாளர் பெருகப் பெருக நட்டம் அடையும். ஒரு வாய்க்கால் கரை, ஒரு சாலை, இருமருங்கும் முப்பது சாளை என்று எல்லை வகுத்து, அது நிறைந்த பிறகே அடுத்ததைத் தொடுவது அறிவுடைமை. தொழில் நடத்துவோர் மாத இறுதியில் பார்க்க வேண்டிய முதல் எண், துணையாள் ஒருவர் வண்டியில் கழித்த நேரம். வரவு எவ்வளவு என்பதை அதற்கடுத்துப் பார்க்கலாம்.

இத்தொழிலின் உள்ளே மறைந்திருக்கும் இன்னொரு சிக்கல், பணம் கொடுப்பவர் ஒருவர், பணியைப் பெறுபவர் ஒருவர் என்பது. மகன் கோவையிலோ சிட்னியிலோ இருந்து பணம் அனுப்புகிறான். ஆகவே நிறுவனம் அவனை மகிழ்விக்கவே முனைகிறது. நாள்தோறும் நிழற்படம், கூடத்தில் ஒளிப்படக் கருவி, கைப்பேசியில் அறிக்கை என்று எல்லாம் அவனை நோக்கியே செல்கின்றன. தாயின் முதுகில் எலும்பு மேடிட்ட இடத்தில் சிவந்து கிடக்கும் தோல் அந்த நிழற்படத்தில் தெரியாது. படுக்கையில் இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் அந்தச் சிவப்பு சில நாளிலேயே புண்ணாகும். பராமரிப்பு உண்மையில் நடக்கிறதா என்று அறிய விரும்பும் பிள்ளைகள் ஊருக்கு வரும்போது மூன்று இடங்களைப் பார்த்தால் போதும்: வால் எலும்புப் பகுதி, குதிகால், நகம். அழுத்திப் பார்த்தும் மறையாத சிவப்பு இருந்தால், அனுப்பப்பட்ட அறிக்கைகள் எத்தனை அழகாயிருந்தும் பயனில்லை.

துணையாளர் எங்கிருந்து வருவர்? அந்தியூர், பவானி வட்டாரத்துச் சிற்றூர்களில் முப்பது முதல் ஐம்பது வயதுக்குட்பட்ட பெண்களுக்குக் கிடைக்கும் வேலைகள் நூற்பாலை, பின்னலாடை நிறுவனம், தறி, காட்டுக் கூலி. நிறுவன வண்டி விடியற்காலையில் ஊர் வாசலுக்கே வந்து ஏற்றிச் செல்கிறது. அந்த ஊதியத்துக்குக் குறைந்து எவரும் மலமூத்திரம் அள்ள வர மாட்டார். வரவேண்டும் என்று எதிர்பார்ப்பதும் அறமாகாது. பெரியவரைத் தூக்கி அமர்த்தும் முறை, தலையை உயர்த்தி வைத்து உணவூட்டும் முறை, சர்க்கரை தாழ்ந்ததன் அறிகுறி ஆகியவற்றில் சில வாரப் பயிற்சி வேண்டும். பயிற்சி முடிந்தவர் உடனே நகர மருத்துவமனைக்குப் போய்விடுவார் என்று அஞ்சுவோர் உண்டு. உள்ளூரில், பள்ளி விட்டு வரும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும்படியான வேலை நேரம் அமைந்தால் பலர் போக மாட்டார்.

ஊதியத்தைவிடக் கடினமான தடை ஒன்று உண்டு. அதைப் பூசி மெழுகுவது பத்திரிகை அறமன்று. துணையாள் வீட்டு வாசலில் நிற்கும்போது கேட்கப்படும் முதற்கேள்வி, 'எந்த ஊரு, என்ன ஆளுங்க?' என்பது. தொடலாம், குளிப்பாட்டலாம், ஆனால் அடுக்களைக்குள் வரக் கூடாது என்பார் இருக்கின்றனர். இதற்கு இணங்கி, வீட்டுக்கேற்ற சாதியில் ஆள் தேடி அனுப்பும் நிறுவனம் தன் பணியாளர் தொகையைத் தானே பாதியாக்கிக்கொள்கிறது. வழித்தடம் சிதைகிறது; முன்சொன்ன கணக்கின்படி அடக்கவிலை ஏறுகிறது. அறத்தை விடுத்து வெறும் வணிகமாகப் பார்த்தாலும் இது தோல்விக்கு வழி. முதல் நாளே, 'எங்கள் துணையாளர் எவராயினும் அவரே வருவார். அடுக்களையில் கஞ்சியும் காய்ச்சுவார்' என்று எழுதிக் கையெழுத்து வாங்கும் நிறுவனம் சில வீடுகளை இழக்கும். இழக்கட்டும். மறுபுறம், அயலார் ஒருவரை வீட்டுக்குள் விடுவதில் சிவகிரிக்குப் பிறகு குடும்பங்களுக்கு எழும் அச்சம் நியாயமானது. காவல்துறையின் சரிபார்ப்புச் சான்று, மாறாத ஒரே முகம், வேலைக்கு வந்தவரின் ஊரும் வீடும் குடும்பத்துக்குத் தெரிந்திருத்தல் ஆகியவற்றால் அதைப் போக்கலாம்.

வீட்டைத் திருத்தியமைக்கும் தொழிலுக்குப் பெருமுதல் வேண்டியதில்லை. நம் ஊர்க் கொத்தனாரும் குழாய்க்காரரும் பற்றவைப்பவரும் சேர்ந்தால் நடக்கும். பழைய சாளையைப் பாருங்கள். கட்டிலிலிருந்து கழிப்பறைக்குப் போக வாசல் நிலைப்படி, திண்ணையிலிருந்து இறங்க மூன்று படி, ஈர வாசல், பிறகு கொல்லைப் புறத்தில் குந்தி அமரும் கழிப்பறை. இரவு இரண்டு மணிக்கு இந்த வழியை நடப்பவர் எழுபத்தெட்டு வயதுக்காரர். இரத்த அழுத்த மாத்திரை உண்பவர். எழுந்தவுடன் தலை சுற்றும். உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணிப்பில் ஆண்டுதோறும் 6,84,000 பேர் விழுந்து இறக்கின்றனர். அவருள் மிகுதியோர் அறுபதைக் கடந்தவர்.

இங்கே நல்லெண்ணத்தோடு செய்யப்படும் தவறுகளே மிகுதி. ஒன்றரை அடி உயரத் திண்ணைக்குச் சாய்தளம் அமைக்க வேண்டுமென்றால், ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்ற விதிப்படி பதினெட்டு அடி வேண்டும். வாசலில் அவ்வளவு இடமில்லை என்று ஆறடியில் முடித்துவிடுகின்றனர். சக்கர நாற்காலி அதில் ஏறாது. இறங்கும்போது தலைகுப்புறக் கவிழும். இடமில்லையேல் சாய்தளத்தை மடக்கித் திருப்ப வேண்டும், அல்லது அதை விட்டுவிட்டுப் படியின் உயரத்தைக் குறைத்து இருபுறமும் கைப்பிடி வைப்பது மேல். கழிப்பறைக் கைப்பிடியை உள்ளீடற்ற கல் சுவரில் நெகிழித் தக்கை வைத்துத் திருகிவிடுவது இன்னொரு தவறு. பார்க்க உறுதியாய் இருக்கும்; பெரியவர் தடுமாறி முழு எடையையும் போடும் அந்த ஒரு நொடியில் கையோடு வந்துவிடும். சுவரைத் துளைத்து மறுபுறம் இரும்புத் தகடு வைத்து முறுக்க வேண்டும். வேலை முடிந்ததும் கொத்தனாரே அதைப் பிடித்துத் தொங்கிக் காட்ட வேண்டும்; தொங்க மறுப்பாராயின் கூலியை நிறுத்திவைக்கலாம். கதவு வெளிப்புறமாகத் திறக்க வேண்டும் என்பதை ஏறத்தாழ எல்லாரும் மறந்துவிடுகின்றனர். உள்ளே விழுந்தவரின் உடலே கதவை அடைத்துக்கொண்டால், உதவிக்கு வந்தவர் வெளியே நின்று தவிக்க நேரும்.

பெரியவர்களின் மறுப்பையும் மதிக்க வேண்டும். 'வூட்டுக்குள்ள கக்கூசா?' என்ற கேள்விக்குப் பின்னால் ஒரு வாழ்நாள் பழக்கம் இருக்கிறது. படுக்கையறையை ஒட்டித் தனிக்கதவோடு, வெளித் தாழ்வாரத்தின் நீட்சியாகக் கட்டிக்கொடுத்தால் பலர் ஒப்புக்கொள்வர். கைப்பிடியை நோயாளியின் அடையாளமாகக் கருதி வெறுப்போர், துண்டு போடும் கம்பி என்று சொன்னால் ஏற்பர். இது பொய்யன்று, துண்டும் போடலாம்.

துணைமைக்கென்று தனியே கட்டணம் வாங்கும் தொழிலைப் பற்றி நமக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. 2022இல் இரத்தன் டாட்டாவின் முதலீட்டோடு மும்பையில் தொடங்கிய 'குட்ஃபெல்லோஸ்' நிறுவனம் பட்டதாரி இளைஞரை முதியோர்க்குத் தோழராக அனுப்பியது. மாநகர அடுக்ககத்தில் அதற்கு இடமிருக்கலாம். நம் குடியானவர் ஒருவரோடு வெறுமனே அமர்ந்து பேசப் பணம் வாங்கினால் அவர் சிரிப்பார். வங்கிக்கு அழைத்துப் போகிறேன், சந்தைக்குக் கூட்டிப் போகிறேன், ஆடியில் குருநாதசாமி கோயில் தேருக்கும் குதிரைச் சந்தைக்கும் கூட வருகிறேன் என்றால் வண்டியில் ஏறிக்கொள்வார். போகும் வழியில் பேச்சு தானே வரும்.

இதுவரை சொன்னது நாளுக்கு முந்நூறு ரூபாய் கொடுக்கக்கூடியவர்க்கே பொருந்தும். மாதம் 26 வருகைக்கு 7,800 ரூபாய். பவானியில் சமுக்காளத் தறியில் முதுகு வளைந்தவர்க்கும் காட்டு வேலையில் கால் தேய்ந்தவர்க்கும் அரசு தரும் முதியோர் உதவித்தொகை மாதம் 1,200 ரூபாய். எந்தத் தொழில் திறமையும் இந்த இடைவெளியை நிரப்பாது. சப்பானில் முதியோர் பராமரிப்பு நிறுவனங்கள் பெருகியதற்குக் காரணம் 2000 ஏப்பிரலில் தொடங்கிய கட்டாயப் பராமரிப்புக் காப்பீடு. நாற்பது வயதிலிருந்து எல்லாரும் தவணை கட்டுகின்றனர். உள்ளாட்சி ஒருவரின் தேவையை அளந்து தரம் வகுக்கிறது. பணியைத் தனியார் செய்ய, முதியவர் பத்தில் ஒன்று முதல் மூன்று பங்கு வரை கொடுக்கிறார். கழிப்பறையில் கைப்பிடி வைக்கவும் படியை நீக்கவும் இரண்டு இலட்சம் யென் வரையிலான செலவின் பெரும்பங்கை அக்காப்பீடு ஏற்கிறது. நம் நாட்டில் 2024 அக்டோபரிலிருந்து எழுபது வயது நிறைந்தோர்க்கு ஐந்து இலட்சம் ரூபாய் மருத்துவக் காப்பீடு உண்டு. அது மருத்துவமனைக் கட்டிலுக்கானது. விழுந்து எலும்பு முறிந்த பிறகு பணம் தருவோம், விழாமலிருக்கக் கைப்பிடி வைக்க ஒரு ரூபாயும் தரோம் என்னும் ஏற்பாடு மாற வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ஏற்கெனவே பெண்கள் வீடு வீடாக மாத்திரை கொண்டுசெல்கின்றனர். உதவித்தொகை பெறும் தனித்த முதியோரிடம் அவர்கள் செல்லும் தடவைகளைப் பெருக்கி, அதற்குரிய ஊதியத்தை அரசு கொடுப்பதே ஏழை வீட்டுக்கான வழி.

வசதியுள்ள சாளைகளுக்கு நாம் முன்வைப்பது வேறொன்று. அறிவுரைஞர் வகுக்கத் தேவையில்லாத வழித்தடம் ஒன்று கொங்கு நாட்டில் ஏற்கெனவே இருக்கிறது: பால் வழித்தடம். காலையும் மாலையும், மழையானாலும் பொங்கலானாலும், கறவை உள்ள தோட்டங்களிலிருந்து பால் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பால் போகிறது. யார் எத்தனை லிட்டர் ஊற்றினார் என்பது ஏட்டில் ஏறுகிறது. ஒரு வீட்டுப் பால் ஒரு வேளை வரவில்லை என்றால் சங்கத்துக்கு அன்றே தெரியும். தனித்த முதியோர் வீட்டிலிருந்து ஒரு வேளை பால் வராவிட்டால் அரை மணிக்குள் ஆள் போய்ப் பார்ப்பது என்று ஒரு விதி எழுதினாலே, எந்தக் கருவியும் வாங்காமல் ஒரு காவல் கிடைத்துவிடும். துணையாளரின் கட்டணத்தையும் பால் பணத்தில் கழித்துக்கொள்ளலாம்; வெளிநாட்டுப் பிள்ளையிடம் கையேந்தாமல் பெரியவர் தம் கறவையின் வரவிலேயே தம் துணையை அமர்த்திக்கொள்வார். அப்போது பணம் கொடுப்பவரும் பணியைப் பெறுபவரும் ஒருவரே ஆவர். கறவை மாட்டை விற்றுவிட்ட வீடுகள் இந்த வலைக்கு வெளியே நிற்கும் என்பதை மறுக்கவில்லை. அவற்றை அடுத்த வீட்டுக் கணக்கோடு சேர்க்க வேண்டும்.

அந்தியூர் வட்டாரத்தின் ஏதேனும் ஒரு பால் சங்கம், ஒரே வழித்தடத்தில், முப்பது சாளைகளை எடுத்துக்கொண்டு, உள்ளூர்ப் பெண்கள் ஐவரைப் பயிற்றி, ஆறு திங்கள் இதை நடத்திப் பார்க்கட்டும். மகளிர் சுய உதவிக் குழுக்கள் ஆள் தரட்டும். மாவட்ட ஆட்சியர் ஒரு செவிலியரை ஒதுக்கித் தரட்டும். ஆறு திங்கள் முடிவில் எத்தனை பேர் விழுந்தனர், எத்தனை வருகை வீணாயிற்று, எவ்வளவு நட்டம் என்பதை மறைக்காமல் சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்கட்டும்.